பேன்ட் கட்டையாகும் மாதங்கள்: வளரும் முட்டியும் குதிப்புக் கணக்கும்

ஜூனில் தைத்த சீருடை பேன்ட் தீபாவளிக்குள் கணுக்காலுக்கு மேலே ஏறிவிடுகிறது. அதற்கும் முன்னால், யாரும் கவனிக்காத இன்னொன்று நடந்திருக்கும். ஷூ கடித்திருக்கும். விடலைப் பருவத்தில் உடம்பு ஒரே சீராக நீள்வதில்லை. முதலில் பாதம், அடுத்து கெண்டைக்காலும் தொடையும், கடைசியில்தான் இடுப்புக்கு மேலான உடல். பள்ளி விளையாட்டுப் பிள்ளைகளின் வலியும் பெரும்பாலும் இதே வரிசையில் கீழிருந்து மேலே ஏறுகிறது. ஐந்தாறாம் வகுப்பில் குதிகால், எட்டாம் வகுப்பையொட்டி முட்டி, பத்தாம் வகுப்புக்கு மேல் இடுப்பும் கீழ் முதுகும். கீழே விழுந்ததாலோ யாரும் மோதியதாலோ வரும் வலி இல்லை இது. ஒரே அசைவைத் திரும்பத் திரும்பச் செய்வதால் வருவது.

இந்த மூன்றில் முட்டியை மட்டும் இங்கே எடுத்துக்கொள்வோம். நம் ஊர் மைதானங்களில் அதிகம் காணப்படுவதும், அதிகம் தவறாகக் கையாளப்படுவதும் அதுதான்.

முழங்காலை நீட்டி வைத்து, முட்டிச் சில்லிலிருந்து இரண்டு விரல் அகலம் கீழே தடவினால் கெண்டை எலும்பின் முன்புறம் ஒரு மேடு தட்டுப்படும். தொடையின் முன்தசை முழுவதும் திரண்டு, முட்டிச் சில்லைத் தாண்டி, ஒரே தசைநாணாக வந்து பிடித்துக்கொள்ளும் இடம் அது. பெரியவர்களுக்கு அங்கே கெட்டியான எலும்பு இருக்கிறது. வளரும் பிள்ளைக்கு அந்த மேட்டுக்கும் அடியிலுள்ள எலும்புக்கும் நடுவில் ஒரு குருத்தெலும்புத் தட்டு இருக்கிறது. மேலே இழுக்கும் நாண் உறுதியானது, கீழே தாங்கும் எலும்பும் ஓரளவு உறுதியானது. இடையில் மாட்டிக்கொண்ட குருத்துதான் இளசு. ஓடி எம்பும்போதும் இறங்கி நிற்கும்போதும் உடல் எடையைப் போலப் பல மடங்கு விசை இந்த ஒரு புள்ளியில் வந்து இழுக்கிறது. ஒரு தடவை இழுத்தால் ஒன்றும் ஆகாது. நாளுக்கு எண்பது தடவை, வாரத்துக்கு ஆறு நாள் இழுத்தால், குருத்து தன்னைச் சரிசெய்துகொள்ள நேரம் கிடைக்காமல் வீங்கி வலிக்கிறது. 1903இல் பாஸ்டனில் ஆஸ்குட் என்ற மருத்துவரும் ஜூரிக்கில் ஷ்லாட்டர் என்ற மருத்துவரும் தனித்தனியே விவரித்ததால் இதற்கு ஆஸ்குட்-ஷ்லாட்டர் என்று பெயர்.

வளர்ச்சி வேகம் இதில் எப்படிச் சேர்கிறது? சிறுவயதில் ஆண்டுக்கு 5 முதல் 6 செ.மீ. வரை வளரும் பிள்ளை, உச்ச வேகத்தில் இருக்கும் ஆண்டில் பெண்ணானால் சுமார் 8 செ.மீ., ஆணானால் 9 அல்லது 10 செ.மீ. வளர்கிறது. பெண்களுக்கு இந்த உச்சம் 12 வயதையொட்டி வருகிறது, ஆண்களுக்கு 14ஐயொட்டி. ஒரு வருடம் இரண்டு வருடம் முன்பின் இருப்பது சாதாரணம். எலும்பு நீள்வது முந்திக்கொள்கிறது. அதில் தாது படிந்து கெட்டிப்படுவது பல மாதங்கள் பிந்தி வருகிறது. நடுவிலுள்ள அந்த இடைவெளியில் எலும்பு தன் நீளத்துக்கு ஏற்ற உறுதி இல்லாமல் இருக்கும். போதாதற்கு நெம்புகோலும் நீண்டுவிடுகிறது. தொடையும் கெண்டையும் சில செ.மீ. கூடி, எடையும் நான்கைந்து கிலோ ஏறிவிட்டால், அதே உயரத்துக்கு எம்பி இறங்கினாலும் முட்டியில் விழும் விசை அதே விசை இல்லை. பயிற்சி ஏட்டில் "80 குதிப்பு" என்றுதான் எழுதியிருக்கும். ஜூனில் குதித்த எண்பதும் செப்டம்பரில் குதித்த எண்பதும் உடம்புக்கு ஒன்றல்ல.

"எலும்பு நீண்டுவிட்டது, தசை நீளவில்லை, அதனால் இறுகிப்போய் இழுக்கிறது, நன்றாக ஸ்ட்ரெச் பண்ணு" என்ற விளக்கம் மைதானங்களில் வேதவாக்குப் போலச் சொல்லப்படுகிறது. ஆய்வுகள் இதில் ஒத்த முடிவுக்கு வரவில்லை. சில பிள்ளைகளுக்கு இறுக்கம் கூடுகிறது, சிலருக்கு அப்படி எதுவும் இல்லை. ஆனால் வலிக்கும் காலத்தில் குதிகாலைப் பிட்டத்தோடு சேர்த்துப் பிடித்து இழுக்கும் பயிற்சி எந்தப் புள்ளியை இழுக்கிறது என்று யோசித்தால் போதும், அதை ஏன் தள்ளிவைக்க வேண்டும் என்பது புரியும். நோகும் அதே மேட்டைத்தான் அது இழுக்கிறது.

உயரத்தை அளப்பது

வளர்ச்சி வேகத்தைக் கண்டுபிடிக்க ஸ்கேன் எதுவும் தேவையில்லை. ஒரு சுவர், ஒட்டிய டேப், ஒரு மூலைமட்டம், ஒரு நோட்டு இருந்தால் போதும். ஆனால் ஏனோதானோவென்று அளந்தால் அந்த நோட்டால் பயனில்லை. காலையில் எழும்போது இருக்கும் உயரம் மாலைக்குள் ஏறக்குறைய ஒரு செ.மீ. குறைந்துவிடுகிறது. முதுகெலும்புத் தட்டுகள் நாள் முழுக்க எடையைத் தாங்கி அமுங்குவதால் வரும் குறைவு இது. ஒரு மாதம் காலைப் பயிற்சிக்கு முன்பும் அடுத்த மாதம் மாலையிலும் அளந்தால், நன்றாக வளர்ந்த பிள்ளையும் வளராத பிள்ளையாகத் தெரியும்.

மாதத்தின் முதல் திங்கள், பயிற்சி தொடங்கும் முன், ஒரே நேரம் என்று வைத்துக்கொள்வது நல்லது. வெறுங்கால், குதிகால்கள் சேர்ந்து சுவரைத் தொட வேண்டும். பிட்டமும் முதுகும் சுவரோடு இருக்க வேண்டும். பார்வை நேராக, மோவாய் தூக்காமல். மூச்சை உள்ளிழுத்து நிற்கச் சொல்லி, மூலைமட்டத்தைத் தலையில் முடி அமுங்கும்படி வைத்து மில்லிமீட்டர் வரை குறிக்க வேண்டும். பிள்ளையை விலகச் சொல்லி, மறுபடி நிறுத்தி இரண்டாம் முறை அளக்க வேண்டும். இரண்டுக்கும் 4 மி.மீ.க்கு மேல் வித்தியாசம் இருந்தால் மூன்றாம் முறையும் அளந்து நடுவில் வருவதை எழுதலாம். பிள்ளைகள் ஒருவரையொருவர் பார்த்து உயரமாகக் காட்ட எம்பி நிற்பார்கள். குதிகாலில் ஒரு கண் இருக்கட்டும்.

பிறகு ஒரு ஸ்டூலில் உட்காரவைத்து, அதே சுவரோடு முதுகைச் சேர்த்து, தலை உயரத்தை அளந்து ஸ்டூல் உயரத்தைக் கழித்தால் உட்கார்ந்த உயரம் கிடைக்கும். நின்ற உயரத்திலிருந்து இதைக் கழித்தால் வருவது கால் நீளம். இந்த அளவுகளை நோட்டில் இரண்டாம் பத்தியாக எழுதி வைக்க வேண்டும். எதற்கு என்பது பின்னால் தெரியும்.

ஒரு மாத வித்தியாசத்தை மட்டும் வைத்து முடிவுக்கு வரக் கூடாது. அளவில் 3 மி.மீ. பிசகினாலே 4 மி.மீ. வளர்ச்சி 7 ஆகத் தெரியும். இரண்டு மாதம் தொடர்ந்து மாதத்துக்கு 0.6 செ.மீ.க்கு மேல் வந்தால் அந்தப் பெயருக்கு நேரே சிவப்புப் புள்ளி வைக்கலாம். ஆண்டுக்குக் கணக்கிட்டால் அது 7.2 செ.மீ. நெதர்லாந்தில் இளம் கால்பந்து வீரர்களிடம் நடந்த ஆய்வு ஒன்றில் காயங்கள் கூடுவது தெரிந்த அளவும் இதுதான்.

உச்ச வளர்ச்சி எப்போது வரும் என்று ஒரே ஒரு அளவை வைத்துக் கணிக்கும் சூத்திரங்களும் உண்டு. ஆண் பிள்ளைகளுக்கு 2015இல் வெளியான எளிய வடிவம் இது. வயது ஆண்டில், உயரம் செ.மீ.யில்:

```
-7.999994 + 0.0036124 × (வயது × உயரம்)
```

விடை சுழியமானால் உச்சத்தில் இருக்கிறான், கழித்தல் குறியில் வந்தால் உச்சத்துக்கு இன்னும் அத்தனை ஆண்டு இருக்கிறது என்று பொருள். புதிதாகச் சேர்ந்த பிள்ளையைப் பற்றி ஒரு குத்துமதிப்பு வேண்டும்போது உதவும். ஆனால் சீக்கிரம் வளர்பவனையும் தாமதமாக வளர்பவனையும் இது சராசரிப் பக்கமாகவே இழுத்துக் காட்டும். கீழே வரும் உதாரணத்திலேயே அந்தப் பிசகு தெரியும்.

எட்டாம் வகுப்பு மாணவன் ஒருவனின் கணக்கு

வயது 13. பள்ளி வாலிபால் அணி, நீளம் தாண்டுதல், 200 மீட்டர் ஓட்டம். ஊரில் ஞாயிற்றுக்கிழமை கிளப் மேட்ச். கற்பனையாக அமைத்த உதாரணம்தான். ஆனால் மாவட்டத்துக்கு மாவட்டம் இதே அட்டவணையோடு பிள்ளைகள் இருக்கிறார்கள்.

மார்ச் 1 அன்று உயரம் 149.8 செ.மீ. ஜூன் 1 அன்று 151.2. மூன்று மாதத்தில் 1.4 செ.மீ., சாதாரண வேகம். ஜூலை 1 அன்று 151.9. ஆகஸ்ட் 1 அன்று 152.9. செப்டம்பர் 1 அன்று 153.7. அதாவது ஜூன் முதல் மூன்று மாதத்தில் 2.5 செ.மீ., ஆண்டுக்கு 10 செ.மீ. வேகம். ஜூலை, ஆகஸ்ட் அளவுகளிலேயே தொடர்ந்து இரண்டு மாதம் 0.6ஐத் தாண்டிவிட்டான். நோட்டு இருந்திருந்தால் ஆகஸ்ட் முதல் தேதியே சிவப்புப் புள்ளி விழுந்திருக்கும். செப்டம்பர் அளவை மேலே உள்ள சூத்திரத்தில் போட்டால் சுமார் −0.8 வருகிறது. உச்சத்துக்கு இன்னும் ஒன்பது மாதத்துக்கு மேல் இருக்கிறது என்கிறது அது. டேப் காட்டுவதோ உச்ச வேகத்தை. இரண்டும் முரண்பட்டால் டேப்பைத்தான் நம்ப வேண்டும்.

இனி சுமை. ஏப்ரலில் தேர்வு, மே முழுவதும் விடுமுறை. தெருவில் கிரிக்கெட் ஆடியிருப்பான், எம்பிக் குதித்திருக்க மாட்டான். ஜூனில் பள்ளி திறந்ததும் குறுவட்டப் போட்டிகளை நினைத்துப் பயிற்சி முழு வேகத்தில் தொடங்குகிறது. திங்கள் முதல் வெள்ளி வரை காலை ஒன்றரை மணி நேரம் வாலிபால். செவ்வாய், வியாழன், சனி மாலை ஒன்றரை மணி நேரம் தடகளம். ஞாயிறு மூன்று மணி நேரம் கிளப் மேட்ச். கூட்டினால் வாரத்துக்கு 15 மணி நேரம். வயது எத்தனையோ அத்தனை மணி நேரத்துக்கு மேல் வாரத்தில் முறையான பயிற்சி போகக் கூடாது என்பது விளையாட்டு மருத்துவர்கள் பயன்படுத்தும் ஒரு தோராய வரம்பு. அதையும் இவன் தாண்டுகிறான், முழு ஓய்வு நாளும் ஒன்றுகூட இல்லை.

ஆனால் மணி நேரத்தைவிட முட்டிக்கு முக்கியமான கணக்கு குதிப்பு. காலையில் ஸ்பைக்கும் பிளாக்கும் சேர்ந்து நாளுக்கு 80, ஐந்து நாளில் 400. மாலையில் முழு ஓட்டத்தோடு பத்துப் பன்னிரண்டு தாண்டலும் பவுண்டிங் பயிற்சியும் சேர்ந்து 50, மூன்று நாளில் 150. ஞாயிறு மேட்சில் 90. மொத்தம் 640. மே மாதம் இந்தக் கணக்கு ஏறக்குறைய சுழியம்.

இதில் ஒருவர்மேலும் தனியாகக் குற்றம் சொல்ல முடியாது. பி.டி. சாருக்குக் காலைக் குதிப்பு தெரியும், தடகளப் பயிற்சியாளருக்கு மாலைக் குதிப்பு தெரியும், கிளப் கேப்டன் அண்ணனுக்கு ஞாயிறு தெரியும். மூன்றையும் கூட்டிப் பார்க்கும் ஆள் இல்லை. மூவரும் தத்தம் பங்கை நியாயமான அளவில்தான் வைத்திருக்கிறார்கள். கூட்டுத்தொகையைச் சுமக்கிறவன் பையன் மட்டும். இன்னொரு சிக்கலும் உண்டு. உயரம் கூடக்கூட அவனை நடு பிளாக்கராகப் போடுகிறார்கள். முட்டி மிக இளசாக இருக்கும் மாதங்களில்தான் அவனுக்கு அணியிலேயே அதிகமான குதிப்பு.

இந்தக் கணக்கில் வராத குதிப்பும் இருக்கிறது. தாமதமாக வந்தால் ஐம்பது தவளைத் தாவல், பந்தைத் தவறவிட்டால் இருபது உட்கார்ந்து எழு. முட்டியை முழுக்க மடக்கி எம்பும் ஐம்பது தவளைத் தாவல், நோகும் மேட்டைப் பொறுத்தவரை ஒரு நாள் ஸ்பைக் பயிற்சிக்குக் குறைந்ததல்ல. தண்டனை என்ற பெயரில் நடப்பதால் யாரும் அதை எண்ணுவதில்லை.

முதல் அறிகுறி வலியாகத்தான் வரும் என்று எதிர்பார்க்க வேண்டியதில்லை. நீளம் தாண்டுதலில் இவனுடைய ஓட்டத் தொடக்கக் குறி ஜூனில் சரியாக இருந்தது. ஜூலைக் கடைசியில் பலகையைத் தாண்டிக் கால் வைத்து ஃபவுல் ஆகிறது. குறியைத் தள்ளி வைத்தால் அடுத்த வாரம் பலகைக்கு எட்டாமல் தடுமாறுகிறான். கால் நீண்டு எட்டு மாறிவிட்டது, மூளைக்குப் புது நீளம் இன்னும் பழகவில்லை. வாலிபாலில் ஸ்பைக் நேரம் தப்புகிறது. "கவனம் இல்லை" என்று திட்டு விழும், கூடவே கூடுதல் பயிற்சியும் விழும். குறியை இரண்டு வாரத்துக்கு ஒருமுறை மாற்ற வேண்டியிருந்தால் திட்டுவதற்கு முன் உயர நோட்டைத் திறப்பது நல்லது.

ஆகஸ்ட் நடுவில் வலி வருகிறது. "சார், முட்டி வலிக்குது." "வளர்ற வயசுடா, அப்படித்தான் இருக்கும்." இந்தப் பதிலில் ஒரு குழப்பம் இருக்கிறது. மருத்துவத்தில் வளர்ச்சி வலி என்று சொல்லப்படுவது வேறு. சிறு பிள்ளைகளுக்கு இரவில், இரண்டு கால்களிலும், பெரும்பாலும் கெண்டையிலும் தொடையிலும் வந்து, காலையில் எழுந்தால் காணாமல் போவது அது. விளையாடினால் கூடி, ஒரு விரலால் இடத்தைத் தொட்டுக் காட்ட முடிகிற வலி அந்த வகை இல்லை.

மைதானத்திலேயே பார்த்துவிடலாம். ஒரு விரலால் எங்கே வலிக்கிறது என்று காட்டச் சொல்லுங்கள். அந்த மேட்டையே காட்டி, அழுத்தினால் சுருக்கென்று இழுத்துக்கொண்டால் ஒரு அடையாளம். நாற்காலியில் உட்காரவைத்துக் கணுக்காலைப் பிடித்துத் தடுத்துக்கொண்டு, காலை நீட்டச் சொன்னால் அதே இடத்தில் வலித்தால் இரண்டாவது அடையாளம். ஒற்றைக் காலில் பாதி உட்கார்ந்து எழும்போது வலிப்பது மூன்றாவது.

அடையாளம் இப்படிப் பொருந்தாதபோதுதான் கவலைப்பட வேண்டும். முட்டி வலிக்கிறது என்பான், முட்டியில் அழுத்தினால் எங்கும் வலிக்காது, நொண்டுவான், படுக்கவைத்துத் தொடையை மடக்கி உள்பக்கம் திருப்பினால் முகம் சுளிப்பான். அது இடுப்பு மூட்டின் வளர்ச்சித் தட்டு நழுவியதாக இருக்கலாம். சற்றுப் பருமனான பையன்களிடம் அதிகம். அன்றே நடப்பதை நிறுத்தி எக்ஸ்ரேக்குக் கொண்டுபோக வேண்டும். குதிக்கும்போது சட்டென்று ஏதோ அறுந்ததுபோல் இருந்து, பிறகு நீட்டிய காலைப் படுத்தபடி தூக்க முடியவில்லை என்றால் மேடே பிய்ந்திருக்கக்கூடும். அதுவும் அன்றே மருத்துவமனைக்கு. மூட்டு முழுவதும் வீங்குவது, காய்ச்சலோடு வலிப்பது, ஓய்விலும் இரவிலும் ஒரே காலில் வலிப்பது ஆகியவையும் சுமையைக் குறைத்துப் பார்த்துக்கொண்டிருக்கும் விஷயங்கள் அல்ல.

எதைக் குறைப்பது, எப்படி ஏற்றுவது

வழக்கமான கை வைத்தியம் இப்படிப் போகும். கிரேப் பேண்டேஜ் கட்டி மூன்று வாரம் வீட்டில் இரு. மூன்று வாரத்தில் வலி போய்விடும். நான்காம் வாரம் நேராக மேட்ச். இரண்டே நாளில் வலி முன்பைவிட மோசமாகத் திரும்பும். சுழியத்திலிருந்து 640க்கு ஒரே தாவல் என்ற ஜூன் மாதத் தவறுதான் மறுபடியும் நடந்திருக்கிறது, இம்முறை மூன்று வாரத்தில் வலுக் குறைந்த தொடையோடு. மேட்சுக்கு முன்னால் வலி மாத்திரை போட்டு இறக்குவது இன்னும் கெடுதல். நிறுத்து என்று சொல்லும் ஒரே மணியையும் அது அணைத்துவிடுகிறது. அந்த மேட்டில் ஸ்டீராய்டு ஊசி போடச் சொன்னால் வேறொரு எலும்பு மருத்துவரைப் பார்த்துவிட்டு முடிவெடுங்கள். தசைநாணை அது பலவீனப்படுத்தக்கூடும்.

சுமையைக் குறைப்பது என்றால் விளையாட்டை நிறுத்துவது இல்லை, குதிப்பைப் பிரித்து எடுப்பது. நம் மாணவனுக்கு ஆகஸ்ட் 16இல் தொடங்குவதாக வைத்துக்கொள்வோம். மாவட்டப் போட்டி அக்டோபர் இரண்டாம் வாரம். கையில் எட்டு வாரம்.

முதல் இரண்டு வாரம் குதிப்பு இல்லை. முழு வேக ஓட்டமும் இல்லை, முட்டி போட்டு உட்காருவதும் இல்லை. காலை வாலிபாலுக்கு மூன்று நாள் வரலாம். சர்வீஸ், ரிசீவ், நின்றபடி செட்டிங். இந்த மாதங்களில் அவனை லிபரோவாகப் பழக்குவது என்னைக் கேட்டால் மிகச் சிறந்த ஏற்பாடு. லிபரோ ஸ்பைக் அடிக்கவும் பிளாக் செய்யவும் விதியே இடமளிப்பதில்லை. டைவ் அடித்து முட்டி தரையில் படுவதை மட்டும் தடுக்க வேண்டும். உயரமான பையன் பின்வரிசை ஆட்டத்தைக் கற்றுக்கொண்டால் பிற்காலத்தில் அவனுக்குத்தான் லாபம். ஞாயிறு மேட்ச் கிடையாது, அது ஓய்வு நாள்.

இதோடு தொடைக்கு வேலை. சுவரில் முதுகைச் சாய்த்து, முட்டியை லேசாக மட்டும் மடக்கி, 30 வினாடி நிற்பது, ஐந்து முறை, தினமும். மல்லாந்து படுத்து முட்டியை மடக்கி இடுப்பைத் தூக்கும் பாலம், பத்துப் பத்தாக மூன்று முறை. நாண் இழுவைக்குப் பழகுவதும் தசை வலுவாவதும் இந்த அசையாத பிடிப்பில் தொடங்குகின்றன. மூன்றாம் வாரம் முதல் சுவரில் இன்னும் ஆழமாக இறங்கலாம், ஐந்தாம் வாரம் ஒரு காலை முன்வைத்து இறங்கும் லஞ்சஸ் சேர்க்கலாம்.

மூன்றாம், நான்காம் வாரம் இரண்டு கால் குதிப்பு வாரத்துக்கு 60. ஒரே நாளில் அல்ல, இரண்டு நாளாக, நடுவில் 48 மணி நேரம் விட்டு. வேகம் குறைந்த ஓட்டம் தொடங்கும். ஐந்தாம், ஆறாம் வாரம் 120, ஒற்றைக் கால் எம்பலும் கொஞ்சம். 200 மீட்டருக்கான வேக ஓட்டம் இங்கே சேரும். ஏழாம் வாரம் 180. எட்டாம் வாரம் போட்டி. அதில் 200 மீட்டர் ஓடலாம், வாலிபாலில் பின்வரிசையில் இறங்கலாம். நீளம் தாண்டுதலுக்குப் பெயர் கொடுக்காமல் இருப்பதே சரி. முழு ஓட்டத்தில் ஒற்றைக் காலை ஊன்றி எம்புவது ஏணியின் கடைசிப் படி. அதற்கு எட்டு வாரம் பெரும்பாலும் போதாது.

ஒவ்வொரு படியிலும் ஏறலாமா என்று முடிவு செய்வது காலண்டர் இல்லை, வலி. பையனைச் சுழியத்திலிருந்து பத்துக்குள் ஒரு எண் சொல்லச் சொல்லுங்கள். பயிற்சியின்போது 2 வரை இருந்தால் தொடரலாம். 3 அல்லது 4 என்றால் அன்றைய குதிப்பை அத்தோடு விட்டு மற்றதைச் செய்யலாம். 5 அல்லது அதற்கு மேல் என்றால் நிறுத்த வேண்டும். மறுநாள் காலை இன்னொரு சோதனை. படிக்கட்டில் ஒற்றைக் காலில் இறங்கும்போது முந்தின நாள் காலையைவிட வலி கூடியிருந்தால் நேற்றைய அளவு அதிகம். ஒரு படி கீழே இறங்கி ஒரு வாரம் அங்கேயே இருக்க வேண்டும். பையன் பொய் சொல்லுவான், அணியிலிருந்து எடுத்துவிடுவார்கள் என்ற பயம். அதனால் எண்ணைக் கேட்கும் ஆளும் அணியைத் தேர்வு செய்யும் ஆளும் வேறு வேறாக இருந்தால் உண்மை வரும். வீட்டில் அம்மாவிடம் சொல்லும் எண் பெரும்பாலும் சரியாக இருக்கும்.

எவ்வளவு நாளாகும் என்று பெற்றோர் கேட்பார்கள். டென்மார்க்கில் 10 முதல் 14 வயதுள்ள 51 பிள்ளைகளை இதேபோல் சுமை குறைத்து, வலுப் பயிற்சி தந்து கவனித்தார்கள். 12 வாரத்தில் ஐவரில் நால்வர் நன்றாக முன்னேறியதாகச் சொன்னார்கள். ஆனால் அந்த 12 வாரத்தில் தங்கள் விளையாட்டுக்கு முழுவதுமாகத் திரும்பியவர்கள் 16 சதவீதம்தான். ஓராண்டில் ஏறக்குறைய மூன்றில் இருவர். மூன்று வாரக் கணக்கு எங்கே, இது எங்கே. மேடு கொஞ்சம் புடைத்தபடியே நின்றுவிடலாம், அதனால் தீங்கு இல்லை. எண்ணெய் போட்டுத் தேய்த்து அதை அமுக்கப் பார்ப்பது வீண், நோவும் கூடும்.

பெண் பிள்ளைகளைப் பற்றி ஒன்று சொல்லாமல் விட முடியாது. அவர்களுடைய வேக வளர்ச்சி முதல் மாதவிடாய்க்கு முன்பே உச்சத்தைத் தொட்டுவிடுகிறது. வயதுக்கு வந்த பிறகுதான் வளர்கிறாள் என்று நினைத்து எட்டாம் வகுப்பில் நோட்டைத் திறந்தால் ஆபத்தான மாதங்கள் ஆறு, ஏழாம் வகுப்பிலேயே கடந்திருக்கும். பின்னாளில் மாதவிடாய் மூன்று மாதம் தொடர்ந்து நின்றாலோ, 15 வயதாகியும் தொடங்காவிட்டாலோ, போதிய சாப்பாடு இல்லாமல் அளவுக்கு மேல் பயிற்சி நடக்கிறதா என்று பார்த்து மருத்துவரிடம் போக வேண்டும். அந்த நிலையில் எலும்பு முட்டியில் மட்டும் அல்ல, எங்கே வேண்டுமானாலும் கீறல் விடலாம். விடியற்காலை ஐந்தரைக்கு வெறும் டீயோடு மைதானத்துக்கு வந்து, பத்து மணி வரை எதுவும் சாப்பிடாத பிள்ளைகள் எல்லாப் பள்ளியிலும் இருக்கிறார்கள். இரண்டு வாழைப்பழமும் ஒரு கைப்பிடி வேர்க்கடலையும் அந்த இடைவெளியில் பெரிய வித்தியாசம் செய்யும்.

மறுபடி நம் மாணவனின் நோட்டுக்கு. அடுத்த ஆண்டு நடுவில் மாத வளர்ச்சி 0.4 செ.மீ.க்குக் கீழே இறங்கி, மூன்று மாதம் அப்படியே நிற்கிறது என்று வைத்துக்கொள்வோம். முட்டி வலியும் அடங்கிவிட்டது. சிவப்புப் புள்ளியை அழிக்கும் முன் நோட்டின் இரண்டாம் பத்தியைப் பார்க்க வேண்டும். கால் நீளம் நின்றுவிட்டு, உட்கார்ந்த உயரம் இன்னும் ஏறிக்கொண்டிருந்தால், வளர்ச்சி முதுகுக்கு மாறியிருக்கிறது. அவன் வேகப்பந்து வீசுபவனாக இருந்தாலோ, வாலிபாலில் முதுகை வளைத்து சர்வீஸ் அடிப்பவனாக இருந்தாலோ, இனி எண்ண வேண்டியது குதிப்பை அல்ல, முதுகு பின்வளையும் தடவைகளை. பின்னால் வளைந்து ஒற்றைக் காலில் நிற்கச் சொன்னால் கீழ் முதுகில் ஒரு பக்கம் வலிக்கிறது, அது இரண்டு வாரமாகத் தொடர்கிறது என்றால் பந்துவீச்சை அன்றோடு நிறுத்தி எலும்பு மருத்துவரிடம் அனுப்ப வேண்டும். முதுகெலும்பு வளையத்தில் தொடங்கும் நுண்முறிவு சாதாரண எக்ஸ்ரேயில் தெரியாமல் போகலாம், அதனால் எம்.ஆர்.ஐ. தேவைப்படுமா என்று கேட்டுக்கொள்வது நல்லது.